ஸ்டோரேஜ் அறையில் வைத்த சாமான்களைப் பல மாதம் கழித்தும் தேடாமல் எடுப்பது எப்படி: பெட்டி எண், பதிவேடு, வரைபடம் குறித்த கேள்விகளும் பதில்களும்

சென்னையில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டிய காலத்தில், தை மாதம் தொடங்கி ஓராண்டுக்கும் மேலாக, வீட்டுச் சாமான்களில் பெரும்பகுதியை 8 அடி அகலமும் 10 அடி ஆழமும் கொண்ட ஒரு வாடகை ஸ்டோரேஜ் அறையில் வைத்திருந்தோம். மொத்தம் 48 அட்டைப்பெட்டிகள். அவற்றோடு பெட்டியில் அடங்காத பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் பலகைகள். இதே நிலையில் இருக்கும் உறவினர்களும் அண்டை வீட்டாரும் அதன் பிறகு கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் இவை.

பெட்டியின் மேல் "சமையலறை", "படுக்கையறை" என்று எழுதினால் போதாதா? எண் எதற்கு?

போதாது. எங்கள் பெட்டிகளைக் கட்டிய பேக்கர்ஸ் ஆட்கள் அப்படித்தான் எழுதத் தொடங்கினார்கள். முதல் நாள் மாலையிலேயே "கிச்சன்" என்று எழுதிய பெட்டிகள் பதினொன்று நின்றன. இட்லிப் பானை அவற்றுள் எதில் இருக்கிறது என்று கட்டியவருக்கே தெரியவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி உள்ள பெட்டியில் முழுக்கப் புத்தகம் நிரப்பினால் ஒருவரால் அதைத் தூக்க முடியாது, அடியும் பிய்ந்துவிடும். ஆகவே அடியில் மூன்றில் ஒரு பங்கு புத்தகம், அதன் மேல் போர்வை, தலையணை உறை என்றுதான் நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டிக்குப் "புத்தகம்" என்று பெயர் வைப்பதா, "போர்வை" என்று வைப்பதா?

எண்ணுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அது எந்தப் பொருளையும் குறிப்பதில்லை. 23 என்பது 23ஆம் பெட்டி என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பதிவேடு சொல்லும், பெட்டி எங்கே நிற்கிறது என்பதை வரைபடம் சொல்லும். இம்மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்திருப்பதுதான் இந்த முறையின் உயிர்நாடி. இதே காரணத்தால்தான் சமையலறைக்கு ச1, ச2 என்றும் பூஜையறைக்குப் பூ1, பூ2 என்றும் தனித்தனி வரிசை வைப்பதையும் நான் பரிந்துரைப்பதில்லை. கடைசி நாளில் எஞ்சியவற்றையெல்லாம் ஒரே பெட்டியில் போடும்போது அந்த ஒழுங்கு தானாகக் குலைந்துவிடும். 01இல் தொடங்கி ஒரே தொடராகப் போவதே நல்லது.

எண்ணை எங்கே, எதனால் எழுத வேண்டும்?

நிலையான மை உள்ள தடித்த மார்க்கரால் அட்டையின் மீதே எழுதுங்கள். உள்ளங்கை அளவாவது இருக்கட்டும். நான்கு பக்கவாட்டு முகங்களில் அடுத்தடுத்த இரண்டிலாவது எண் இருக்க வேண்டும். ஆட்கள் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பார்கள் என்பது நம் கையில் இல்லையாதலால் நான்கிலும் எழுதிவிடுவது இன்னும் பாதுகாப்பு. மேல்மூடியில் மட்டும் எழுதினால் அடுத்த பெட்டி ஏறியவுடன் எண் மறைந்துவிடும்.

பழுப்பு நிறப் பிளாஸ்டிக் டேப்பின் மேல் எழுதிய மை விரல் பட்டாலே அழிகிறது. சாதாரணக் காகித ஸ்டிக்கரின் பசை, ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் விட்டுப்போகிறது. எங்கள் அறையில் இரண்டு ஸ்டிக்கர்கள் தரையில் கிடந்தன, எந்தப் பெட்டியிலிருந்து விழுந்தவை என்று சொல்ல வழியில்லை. கடையில் வாங்கிய பழைய அட்டைப்பெட்டியாக இருந்தால், அதில் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும் எண்களை அடித்துவிட்டு உங்கள் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்.

சிறிய விஷயம்தான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ஓரிலக்க எண்களை 06, 09 என்று இரண்டு இலக்கமாக எழுதி, எல்லா எண்களின் கீழும் ஒரு கோடு இழுங்கள். தலைகீழாக வைத்த பெட்டியில் கோடில்லாத 16 என்பது 91ஆகத் தெரியும்.

பதிவேட்டில் என்னென்ன எழுத வேண்டும்? நோட்டா, கணினியா?

நான்கு பத்திகள் போதும்: பெட்டி எண், உள்ளே இருப்பவை, இடம், நடப்பு நிலை. அதற்கு மேல் பத்தி சேர்த்தவர்கள் பத்தாம் பெட்டியோடு எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள்.

கட்டும்போது கையில் இருக்க வேண்டியது நோட்டுதான். தூசி படிந்த கையோடு கைப்பேசியில் தட்டச்சு செய்ய யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. பெட்டியை மூடுவதற்கு முன், எண் எழுதிய ஒரு துண்டுத் தாளை உள்ளே சாமான்களின் மேல் வைத்து, மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண் படத்துக்குள்ளேயே இருப்பதால், எந்தப் படம் எந்தப் பெட்டியுடையது என்று பின்னர் குழம்ப வேண்டியதில்லை. அன்றிரவோ மறுநாளோ நோட்டில் உள்ளதை Google Sheets போன்ற ஒரு விரிதாளில் ஏற்றிவிடலாம்.

உள்ளே இருப்பவற்றை எழுதும்போது, பின்னால் எந்தச் சொல்லைச் சொல்லித் தேடுவீர்களோ அந்தச் சொல்லையே எழுதுங்கள். "பாத்திரங்கள்" என்று யாரும் தேடுவதில்லை. "5 லிட்டர் குக்கர்", "பணியாரக் கல்", "இடியாப்ப நாழி" என்றே தேடுவார்கள். எங்கள் வீட்டில் நான் "குக்கர்" என்று எழுத, மகள் "cooker" என்று எழுத, ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்கவில்லை. எழுத்து தமிழா ஆங்கிலமா என்று முதல் நாளே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளுக்கு வீட்டில் இரண்டு பெயர் வழங்கினால் இரண்டையும் எழுதிவிடுவது நல்லது: "கரண்டி செட், ஸ்பூன் செட்".

பெட்டி எண் A பத்தியிலும் உள்ளே இருப்பவை B பத்தியிலும் இருந்தால், பொம்மை இருக்கும் பெட்டிகளை எல்லாம் ஒரே இடத்தில் பார்க்க Google Sheets-இன் ஒரு வெற்றுக் கட்டத்தில் இதை இட்டால் போதும்:

```
=FILTER(A2:D80, REGEXMATCH(B2:B80, "பொம்மை"))
```

வரைபடம் என்றால் அளவெடுத்து வரைய வேண்டுமா?

வேண்டாம். ஷட்டரைத் திறந்து வாசலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவதைப் போல ஒரு தாளில் கட்டங்கள் போட்டால் போதும். வாசல் எப்போதும் தாளின் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் இடக்கை அறையின் இடப்பக்கமாகவே இருக்கும். எங்கள் அறையின் வரைபடம் இது:

```
         பின்சுவர்

சு-6   மு-6   பி-1   101
சு-5   மு-5   வழி    101
சு-4   மு-4   வழி    102
சு-3   மு-3   வழி    103
சு-2   மு-2   வழி    104
சு-1   காலி   வழி    104

          வாசல்
```

"சு" என்பது இடச் சுவரோரம் நின்ற ஆறு அடுக்குகள். "மு" அவற்றுக்கு முன்னால் நின்ற ஐந்து அடுக்குகள். "பி" நடைவழியின் கோடியில் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் நான்கு பெட்டிகள். ஆகப் பன்னிரண்டு அடுக்குக்கு 48. வலப்பக்கம் இருப்பவை பீரோ முதலான பெரிய சாமான்கள். அகலக் கணக்கு இப்படி: ஒன்றரை அடி வீதம் இரண்டு வரிசைப் பெட்டிக்கு மூன்று அடி, வலப்பக்கச் சாமானுக்கு இரண்டரை அடி, எஞ்சிய இரண்டரை அடி நடக்கும் வழி. அந்த வழியில் எதையும் வைக்க விடாதீர்கள். "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று வைத்த ஒரு நாற்காலி ஆறு மாதம் அங்கேயே இருக்கும், அதன் பின்னால் உள்ள எதையும் எடுக்க முடியாது.

அடுக்குக்குள் தட்டைத் தரையிலிருந்து எண்ணுங்கள். அடியில் இருப்பது 1. ஆகவே சு-4-1 என்றால் சுவரோர வரிசையில் நான்காவது அடுக்கின் அடிப்பெட்டி. மேலிருந்து எண்ணினால், மேல்பெட்டி ஒன்றை எடுத்த அன்றே கீழுள்ள அனைத்தின் முகவரியும் மாறிவிடும்.

இந்த வரைபடத்தில் நான் பெருமைப்படும் விஷயம் ஒன்றே ஒன்று. மு வரிசை 1இல் தொடங்காமல் 2இல் தொடங்குகிறது. மு-4 எப்போதும் சு-4க்கு நேர் முன்னால் நிற்கிறது. எனவே சு-4இல் ஏதாவது வேண்டுமென்றால் எதை நகர்த்த வேண்டும் என்பதை முகவரியே சொல்லிவிடுகிறது. மு-1 இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டதும் திட்டமிட்டதுதான். இறக்கிய பெட்டிகளை வைக்க ஓர் இடம் வேண்டுமல்லவா?

இடத்தைப் பதிவேட்டில் எப்போது எழுதுவது? கட்டும்போதே திட்டமிட்டு எழுதிவிடலாமா?

எழுதாதீர்கள். உள்ளே இருப்பவற்றைக் கட்டும்போது எழுத வேண்டும், இடத்தை அடுக்கிய பிறகே எழுத வேண்டும். லாரியில் கடைசியாக ஏறிய பெட்டிதான் முதலில் இறங்கும். ஆட்கள் கனத்தைப் பார்த்து அடுக்குவார்களே தவிர உங்கள் தாளைப் பார்த்து அல்ல. அவ்வாறு கனமானதை அடியில் வைப்பது சரியும்கூட.

ஆகவே அடுக்கும் நாளில் வீட்டார் ஒருவருக்கு வேறு வேலை எதுவும் தராமல், தாளும் பென்சிலுமாக அறை வாசலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பெட்டியும் அமர்ந்தவுடன் அதன் எண்ணை வரைபடக் கட்டத்துக்குள் அவர் எழுத வேண்டும். எங்கள் வீட்டில் இந்த வேலையை என் மாமனார் செய்தார். ஆட்கள் இரண்டாவது வரிசையை எழுப்புவதற்கு முன் "நில்லுங்க தம்பி, பின்னாடி இருக்கற நம்பர் எழுதிக்கறேன்" என்று ஐந்து நிமிடம் வேலையை நிறுத்தினார். அந்த ஐந்து நிமிடம் தவறினால், சு வரிசையின் 24 பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் எண்ணைப் பிறகு பார்க்கவே முடியாது.

எங்கே எது போக வேண்டும் என்பதில் ஆட்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்ளலாம். ஓராண்டுக்குள் தேவைப்படும் பெட்டிகளின் எண்ணைச் சிவப்பு மார்க்கரால் எழுதி, "சிவப்பு எண் முன்வரிசையில், மேல்தட்டில்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு மேல் சொன்னால் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

உண்மையிலேயே பல மாதம் கழித்துப் பயன்பட்டதா?

பாதி பயன்பட்டது, பாதி என் தவற்றால் கெட்டது. புரட்டாசியில் நவராத்திரி வந்தபோது, வாடகை வீட்டில் சின்னதாகவாவது கொலு வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. சாமான் வைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. விரிதாளில் "பொம்மை" என்று தேடியவுடன் 31 முதல் 35 வரை ஐந்து பெட்டிகள் வந்தன. ஐந்தும் சிவப்பு எண், மு-2 முதல் மு-6 வரை ஒவ்வோர் அடுக்கின் மேல்தட்டிலும் ஒவ்வொன்று. ஒரு ஸ்டூல் போட்டு ஐந்தையும் இறக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கொலுப்படியின் இரும்புச் சட்டங்களும் கட்டில் பலகைகளோடு கட்டாகக் கிடைத்துவிட்டன.

சட்டங்களை மாட்டும் போல்ட்டும் நட்டும் எங்கே? பதிவேட்டில் எந்தப் பெட்டியிலும் அவை இல்லை. ஆனால் "இதர சாமான்கள்" என்று மூன்று பெட்டிகள் இருந்தன: 12, 27, 40. மூன்றையும் கட்டும் வேலையின் கடைசி நாளில், அலுப்பில், என் கையால்தான் எழுதியிருந்தேன். எளிதில் எட்டிய 40ஐயும் 27ஐயும் பிரித்துக் கொட்டிப் பார்த்தோம். பழைய சார்ஜர்களும் சுவர்க் கடிகாரமும் வந்தன. எஞ்சிய 12இன் முகவரி சு-4-1. அதாவது முன்னால் நின்ற மு-4இல் எஞ்சியிருந்த மூன்று பெட்டிகளையும், 12இன் தலையில் இருந்த மூன்று பெட்டிகளையும் இறக்க வேண்டும். ஆறு பெட்டி இறக்கி, ஆறும் மீண்டும் ஏற்றி, ஒரு முற்பகல் முழுவதும் போயிற்று. போல்ட்டுகள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தன.

இதிலிருந்து இரண்டு விதிகள் வைத்துக்கொண்டோம். பதிவேட்டில் "இதர" என்ற சொல்லுக்கு இடமில்லை. அப்படி எழுதத் தோன்றும் பெட்டியில்தான் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே எழுத வேண்டும். கழற்றிய எதனுடைய திருகாணியும் அந்தப் பொருளோடே, ஒரு ஜிப் பையில் போட்டு, அதன் காலிலோ சட்டத்திலோ கயிற்றால் கட்டப்பட வேண்டும்.

பெட்டியில் அடங்காத சாமான்களுக்கும் எண் வேண்டுமா?

வேண்டும். அவற்றை 101இலிருந்து தொடங்கினால் பெட்டிகளோடு குழம்பாது. எண்ணை அட்டைத் துண்டில் எழுதிச் சணல் கயிற்றால் கட்டுங்கள். மரத்திலும் வர்ணத்திலும் டேப் ஒட்டினால் எடுக்கும்போது மெருகும் சேர்ந்து வரும். பீரோவுக்குள் எதையாவது வைத்திருந்தால், 101இன் உள்ளே இருப்பவை என்று பதிவேட்டில் தட்டு வாரியாக எழுதுங்கள். எல்லோரும் மறப்பது இதைத்தான்.

இடையில் ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் பதிவேட்டை எப்படித் திருத்துவது?

பெட்டியை முழுதாக எடுத்துச் சென்றால், நடப்பு நிலையில் "வெளியே" என்றும் தேதியும் எடுத்தவர் பெயரும் எழுதுங்கள். இடப் பத்தியை அழித்துவிடுங்கள். பெட்டி அங்கேயே இருந்து ஒரு பொருள் மட்டும் வெளியே வந்தால், உள்ளே இருப்பவை பத்தியில் அந்தச் சொல்லை அழிக்காமல் பக்கத்தில் "எடுத்தாயிற்று" என்று எழுதுங்கள். அழித்துவிட்டால் ஆறு மாதம் கழித்து அந்தப் பொருள் காணாமல் போனதாக வீடே தேடும். எங்கள் மிக்ஸிக்கு அதுதான் நேர்ந்தது. மைத்துனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போய்த் தன் வீட்டில் அரைத்துக்கொண்டிருக்க, நாங்கள் 22ஆம் பெட்டியை இரண்டு முறை பிரித்துப் பார்த்தோம்.

காலியான பெட்டியின் எண்ணை வேறு பெட்டிக்குத் தராதீர்கள். புதிய பெட்டி வந்தால் 49 என்று தொடருங்கள். பெட்டிகளை இடம் மாற்றினால், அறையை விட்டுக் கிளம்பும் முன், பூட்டு போடுவதற்கு முன், தாளில் மாற்றிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தது எதுவும் எழுதப்பட்டதில்லை.

வரைபடத்தை எங்கே வைப்பது?

ஒரு பிரதி பிளாஸ்டிக் உறையில் போட்டு அறையின் உள்பக்கம், வாசலருகே சுவரில் தொங்கட்டும், ஒரு பென்சிலையும் கயிற்றில் கட்டிவிடுங்கள். திருத்தங்கள் எல்லாம் இந்தப் பிரதியில்தான். ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது அதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், கடைசிப் படமே நடப்பு வரைபடம்.

அந்தத் தாளில் எண்கள் மட்டுமே இருக்கட்டும். என்ன பொருள் என்பதைத் தாளிலும் எழுதாதீர்கள், பெட்டியின் வெளிப்புறத்திலும் எழுதாதீர்கள். "வெள்ளிக் குத்துவிளக்கு" என்று வெளியே எழுதிய பெட்டி யார் கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. பத்திரம், சான்றிதழ், நகை ஆகியவை அந்த அறைக்குப் போகவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கியூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டினால் இவ்வளவு வேலை மிச்சமாகுமே?

பெட்டிக்கு முன்னால் நின்று அதற்குள் என்ன இருக்கிறது என்று அறிய அது உதவும். ஆனால் நம் கேள்வி பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது: பொருள் தெரியும், பெட்டி எங்கே என்று தெரியாது. முன்வரிசைக்குப் பின்னால் இருக்கும் ஸ்டிக்கரைக் கைப்பேசி படிக்காது; எங்கள் அறை இருந்த அடித்தளத்தில் சிக்னலும் கிடைக்கவில்லை. ஒட்ட விரும்பினால் ஒட்டுங்கள், பெரிய எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும்.

கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கும்போது இந்தப் பதிவேட்டால் பயன் உண்டா?

உண்டு. 01 முதல் 48 வரையும் 101 முதல் 104 வரையும் ஒரு தாளில் வெறும் எண்களாக எழுதிக்கொண்டு புதுவீட்டு வாசலில் நில்லுங்கள். உள்ளே நுழையும் ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே வாருங்கள். ஏற்கெனவே வெளியே போனவற்றை முன்கூட்டியே அடித்துவிட வேண்டும். லாரிக்காரர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அடிபடாத எண் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு 17 மட்டும் அடிபடாமல் நின்றது. லாரிக்குள் ஏறிப் பார்த்தபோது, டிரைவர் இருக்கைக்குப் பின்புற மூலையில் ஒரு சாக்கு மூடியபடி இருந்தது. உள்ளே அம்மாவின் தஞ்சாவூர்த் தட்டுகள்.